கோயில் விழா மலரில் கடை விளம்பரம்: டர்பனில் புதிதாகக் கடை போட்டவர்களுக்கு

2025 தைப்பூசத்துக்கு எங்கள் பகுதிக் கோயில் வெளியிட்ட விழா மலரில் என் மசாலாக் கடைக்கு ஒரு முழுப் பக்கம் எடுத்தேன். 2,300 ராண்ட். மலர் கைக்கு வந்ததும் ஆசையாகப் புரட்டினேன். என் பக்கத்தில் முருகன் படம், அதற்குக் கீழே மட்டன் மசாலா பாக்கெட். பாக்கெட் மேல் எலும்போடு கறித்துண்டு பளபளத்தது. உச்சியில் பெரிய எழுத்தில் 'வலேவனுக்கு அரோகரா'. வேலவன்தான் அப்படி ஆகியிருந்தான். பத்து நாள் கவுச்சி தொடாமல் விரதம் இருக்கும் ஆயிரம் வீடுகளுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருஷம் இதையெல்லாம் திருத்திக்கொண்டேன். செலவு ஒரு ராண்ட் கூடவில்லை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கடை வைத்து, 'கோயில் புரோஷரில் ஒரு பேஜ் போடுறீங்களா?' என்ற கேள்வியை முதல் தடவை கேட்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. உபயமா, விளம்பரமா? முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

என் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருந்தது. சாமிக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்தேன், கடைப் பெயர் தெரிய வேண்டும் என்றும் நினைத்தேன், இரண்டையும் ஒரே காசில் முடிக்கப் பார்த்தேன். கணக்கிலும் குழப்பம், பக்கத்திலும் குழப்பம்.

கணக்கை முதலில் சொல்கிறேன். கோயிலுக்குக் கொடுத்த பணத்தை நன்கொடை என்று காட்டி வருமான வரியில் கழிக்க வேண்டுமானால், இந்த நாட்டு வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி ஒரு ரசீது வேண்டும். நாம் பதிலுக்கு எதையும் வாங்கிக்கொள்ளாமல் கொடுத்தால்தான் அந்த ரசீதைக் கொடுக்க முடியும். ஒரு பக்க விளம்பரம் வாங்கிவிட்டீர்கள் என்றால் அது நன்கொடை இல்லை, வியாபாரம். செயலாளர் ஆன்ட்டியிடம் போய், 'பேஜும் வேணும், 18ஏ ரசீதும் வேணும்' என்று நான் கேட்டேன். பாவம், அவர் இரண்டு நாள் யார் யாரிடமோ விசாரித்துவிட்டு, 'தம்பி, அப்படிக் குடுக்க ஏலாது' என்றார். அவர் சொன்னதுதான் சரி.

இதில் பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. விளம்பரமே வாங்காமல் கொடுத்தாலும் எல்லாக் கோயிலும் 18ஏ ரசீது தர முடியாது. சமயப் பணிக்கு வரிவிலக்கு இருக்கிறது. அது கோயிலுக்குக் கிடைக்கும் சலுகை. கொடுப்பவருக்கான 18ஏ கழிவோ ஏழை எளியோர் நலன், மருத்துவம், கல்வி போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும்தான். கோயில் அப்படி ஒரு பணி நடத்தி, அதற்குத் தனி அனுமதி வாங்கி, உங்கள் பணத்தையும் அதற்கே செலவழித்தால்தான் ரசீது உண்டு. தேர் அலங்காரத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் கொடுத்தால் கிடையாது.

விளம்பரத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கடைக்கு ஆள் வரவேண்டும் என்று செய்யும் செலவு, சாதாரண வியாபாரச் செலவாகக் கணக்கில் ஏறும். அதற்கு வேண்டியது விலைச்சீட்டு ஒன்றுதான்.

எனவே 2026-இல் அதே 2,300 ராண்டை இரண்டாகப் பிரித்தேன். 1,150 ராண்ட் கடைக் கணக்கிலிருந்து விளம்பரத்துக்கு. மீதி 1,150 என் சொந்தப் பையிலிருந்து அன்னதான உபயம், அதற்கு எந்தப் பக்கமும் கேட்கவில்லை. உபயக்காரர்கள் பட்டியலில் என் அம்மா பெயரில் ஒரு வரி வந்தது. அது போதும்.

2. நாளைத் திருவிழாவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தைப்பூசம் ஜனவரி பாதிக்குப் பிறகோ பிப்ரவரியிலோ வரும், வருஷத்துக்கு வருஷம் நகரும். 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. பத்து நாள் முன்னால் வந்துவிட்டதைக் கவனிக்காமல் போன வருஷக் கணக்கிலேயே இருந்தவர்கள் நிறையப் பேர். தைப்பூசத்துக்கு மலர் வந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். கொடியேற்றம் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே ஆகிவிடும். விரதம் பிடிப்பவர்கள் அதற்கும் முன்னாலேயே நிகழ்ச்சிநிரல் கேட்பார்கள். அதாவது பிப்ரவரி 1 தைப்பூசத்துக்கு மலர் ஜனவரி 20 வாக்கில் கோயிலில் இருக்க வேண்டும்.

இங்கேதான் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் பாதியோடு அச்சகங்கள் மூடும், ஜனவரி இரண்டாம் வாரம் வாக்கில்தான் திறக்கும். தீபாவளிக்கு மறுநாளே கடை திறக்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு இது பிடிபடாது. ஜனவரி 12-க்குத் திறந்து 20-க்குள் அச்சடித்து, மடித்து, பின் அடித்துத் தர வேண்டுமென்றால், கோப்பு எல்லாம் டிசம்பர் முதல் வாரத்தில் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும். அதற்கு நவம்பர் முடிவதற்குள் உங்கள் பக்கம் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். இடம் பிடிக்க வேண்டியது அக்டோபரில்.

சித்திரை மாதக் காவடிக்கும் ஆடிக்கூழுக்கும் இந்த நெருக்கடி கிடையாது. ஆறு வாரம் முன்னால் ஆரம்பித்தால் போதும். ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் மாரியம்மன் விழாவுக்கு மட்டும், வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் பொது விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

3. எந்த இடம் கேட்பது

விலைப்பட்டியல் கோயிலுக்குக் கோயில் மாறும். எங்கள் கோயிலில் உள்பக்கம் முழுசாக 2,300, அரைப் பக்கம் 1,300, பின்னட்டை 6,000. காசு உள்ளவர்கள் பின்னட்டைக்கு ஓடுகிறார்கள். நான் ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மலர்கள் பெரும்பாலும் ஏ5 அளவு, நடுவில் இரண்டு பின் அடித்தவை. பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் இருக்கும், ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால். எங்களுடையது 32 பக்கம். பத்து நாள் நிகழ்ச்சிநிரல் நடுவில் 16, 17-ஆம் பக்கங்களில் வருகிறது. வீட்டுக்குப் போனதும் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று நாலைந்து வீட்டில் பார்த்தேன். பின்னை நெம்பி நடுத்தாளை மட்டும் உருவி, காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். மிச்சம் மலர் சாமி அறையிலோ பழைய பேப்பரோடோ போய்விடுகிறது.

அந்தத் தாளின் மறுபக்கம் எது? 15, 18. அந்த இரண்டு பக்கத்தில் விளம்பரம் கொடுத்தவர் பத்து நாளும் ஃபிரிட்ஜ் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வருஷம் 'நடுப்பக்கத்துக்குப் பக்கத்துலயே தர்றோம்' என்று சொல்லி எனக்குக் கொடுத்தது 18. நான் மகிழ்ந்துபோனேன். எலும்புத் துண்டு கதவுப் பக்கம் திரும்பியிருந்ததும் ஒருவிதத்தில் நல்லதுதான்.

அடுத்த வருஷம் 17-ஆம் பக்கத்தின் அடியில் ஒரு பட்டை கேட்டேன். அகலம் முழுசாக, உயரம் மூன்று சென்டிமீட்டர். பட்டியலில் அப்படி ஓர் இடமே இல்லை. ஆன்ட்டி கமிட்டியில் கேட்டு, 'சாமி ப்ரோகிராம்ல ஐட்டம் படம் வரக்கூடாது, கடைப் பேரும் போன் நம்பரும் மட்டும்' என்ற நிபந்தனையோடு 1,150-க்குக் கொடுத்தார்கள். அந்த நிபந்தனை எனக்கு நல்லதாகப் போயிற்று.

4. பக்கத்தில் எதை வைப்பது, எதை விடுவது

சாமி படம் வேண்டாம். இதில் எனக்கு அசைக்க முடியாத கருத்து உண்டு. மலர் கோயில் புல்தரையில் கிடக்கும், மிதிபடும், பிள்ளைகள் அதன்மேல் உட்காருவார்கள். அட்டையில் முருகனை அச்சடிப்பது கோயிலின் பொறுப்பு. நம் கடைத் தொலைபேசி எண்ணுக்கு மேலே அவரை நிற்கவைப்பதற்கு நமக்கு ஒரு தேவையும் இல்லை. வேல், மயிலிறகு, குத்துவிளக்கு என்று எளிய கோட்டோவியம் ஒன்று போதும். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவது இன்னும் மோசம். அது யாரோ ஒருவர் வரைந்தது, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகவும் தெரியும்.

கவுச்சி, மது, லாட்டரி சம்பந்தப்பட்டவை வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நுழைந்துவிடுவதுதான் சிக்கல். என் மட்டன் மசாலா அப்படித்தான் வந்தது. 'நம்ம அதிகம் விக்கிற பாக்கெட் எது?' என்று டிசைன் செய்த பையன் கேட்டான், நான் சொன்னேன், அவன் போட்டுவிட்டான். உங்கள் கடைச் சின்னத்திலேயே கோழி இருந்தால், அதை எடுத்துவிட்டு வெறும் எழுத்தில் பெயரைப் போடுங்கள்.

அப்புறம் அளவு. முழுப் பக்கம் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, மேலே வாழ்த்து ஒரே வரி, நடுவில் கடைப் பெயர், கீழே என்ன விற்கிறோம் என்று ஒரு வரி, முகவரி, போன். விலை, தள்ளுபடி, 'இந்த மலரைக் கொண்டுவந்தால் 10 சதவீதம்' எல்லாம் வேண்டாம். கமிட்டி தடுக்காவிட்டாலும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அதற்குப் பதிலாக, விரதம் இருப்பவருக்கு உதவும் தகவல் ஒன்றைக் கொடுங்கள். என் பட்டையில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டது இவ்வளவுதான்: 'திருவிழா நாட்களில் காலை 5 மணிக்குத் திறப்பு. எலுமிச்சை, தேங்காய், கற்பூரம்.' காவடி எடுக்கும் நாள் விடியற்காலையில் எலுமிச்சை தீர்ந்துபோய் அலையாத வீடு கிடையாது. படம் இல்லை, தள்ளுபடி இல்லை. ஆனால் ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கும்போது வெளியே ஆள் நின்றது.

5. தமிழ் எழுத்து உடையாமல் கோப்பைத் தயாரிப்பது

வேலவன் எப்படி 'வலேவன்' ஆனான்? தட்டச்சில் 'வே' என்பது முதலில் 'வ', பிறகு இரட்டைக் கொம்பு என்ற வரிசையில் பதிவாகிறது. அந்தக் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அச்சகத்தார் பயன்படுத்தும் இன்டிசைனில் ஆங்கிலத்துக்கான அமைப்பு இருந்தால் அந்த இடமாற்றம் நடக்காது. கொம்பு 'வ'-வுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது அடுத்த எழுத்தான 'ல'-வோடு சேர்ந்து 'லே' ஆகிவிடும். அச்சகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது, கமிட்டியிலும் வாசிக்கத் தெரிந்தவர் ஓரிருவர்தான். பாட்டி பேசிய தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. ஆகவே தவறு யார் கண்ணிலும் படாது.

இன்டிசைனில் செய்பவரிடம் பத்திக்கான பட்டியலில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும்.

இதைவிட உறுதியான வழி, உங்கள் பக்கத்திலேயே எழுத்துகளைப் படக்கோடாக மாற்றிவிடுவது. `Create Outlines` என்று இருக்கும். அதன் பிறகு யார் திறந்தாலும் எழுத்து அசையாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது. மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்தில் ஏ5 என்றால் 148 க்கு 210 மில்லிமீட்டர். பின்னணி நிறம் ஓரம் வரை போகிறது என்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டி, 154 க்கு 216 ஆகச் செய்யுங்கள். வெட்டும்போது அந்த ஓரம் போய்விடும். அப்படியே, எழுத்து எதுவும் வெட்டு ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. கைபேசித் திரையில் ஜொலிக்கும் குங்குமச் சிவப்பு அச்சில் மங்கலாகத்தான் வரும். திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது. அதை முதலிலேயே சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றிப் பார்த்துவிடுங்கள். அரக்குப் பின்னணியில் சின்ன வெள்ளைத் தமிழ் எழுத்தும் வேண்டாம். மை பரவி 'ண', 'ணை' சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

கோப்பை வாட்ஸாப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

6. புரூஃபை நீங்களே பார்க்க வேண்டும்

'புரூஃப் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்' என்று கோப்பு அனுப்பும் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். கேட்காவிட்டால் வராது. வந்தால் ஏ5 அளவிலேயே தாளில் எடுத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். முதலில் கொம்பும் காலும் உள்ள எழுத்துகளை, கெ, கே, கொ, கோ வகையை, விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். புள்ளி விழவேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போன் எண்ணை அச்சில் உள்ளபடியே அழுத்தி, உங்கள் கைபேசி மணி அடிக்கிறதா என்று பாருங்கள். நான் இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரர் எண்ணில் ஒரு இலக்கம் மாறி, யாரோ ஒரு ஆள் இரண்டு வாரம் டயர் விலை கேட்டு வந்த அழைப்புகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் பக்கத்தைப் பார்த்து முடித்தால் எதிர்ப்பக்கத்தில் என்ன வருகிறது என்றும் கேளுங்கள். யாரோ ஒருவர் தாத்தாவின் நினைவஞ்சலிப் படம் எதிரே இருக்க, நம் கடை பலூனும் பட்டாசுமாக இருந்தால் நன்றாக இராது.

7. பணமும் காகிதமும்

பணம் கட்டும் முன் கோயிலிலிருந்து விலைச்சீட்டு வாங்குங்கள். அதில் கோயிலின் முழுப் பெயர், தேதி, உங்கள் கடையின் பதிவுப் பெயர், 'விழா மலரில் விளம்பரம்' என்ற சொல், அளவு, தொகை இருக்க வேண்டும். 'நன்கொடை' என்று எழுதித் தந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆன்ட்டிகள் அன்பில் அப்படித்தான் எழுதுவார்கள். பின்னால் கணக்காளர் உங்களைத்தான் கேட்பார்.

வாட் பற்றி ஒரு வார்த்தை. நீங்களும் வாட் பதிவு பெற்று, கோயிலும் பெற்றிருந்தால் 1,150 ராண்டில் 150 வாட். கோயிலின் வாட் எண் போட்ட வரி விலைச்சீட்டு இருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். கோயில் பதிவு பெறவில்லை என்றால் அதில் வாட்டே கிடையாது. நீங்களாக 15 சதவீதம் பிரித்து எழுதிக்கொள்ளக் கூடாது. எங்கள் கோயில் பதிவு பெறவில்லை, அதனால் 1,150 முழுவதையும் செலவாகவே எழுதினேன்.

பணத்தைக் கோயில் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். கமிட்டி அங்கத்தினர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் சொந்தக் கணக்கு வேண்டாம். 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால் அனுப்புவதற்கு முன் தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த வகை மோசடி இங்கே சர்வசாதாரணம். குறிப்பு வரியில் கடைப் பெயரையும் விலைச்சீட்டு எண்ணையும் போடுங்கள்.

மலர் வந்ததும் இரண்டு பிரதி கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்று சாமி அறைக்கு. இன்னொன்றிலிருந்து உங்கள் பக்கத்தை எடுத்து விலைச்சீட்டோடும் வங்கிச் சீட்டோடும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள். செலவு உண்மையில் விளம்பரத்துக்குத்தான் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. வரித்துறையான சார்ஸ் கேட்டால் காட்ட ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். என் கோப்பில் முதல் தாளாக எலும்புத் துண்டும் 'வலேவனுக்கு அரோகரா'வும் இருக்கின்றன. கிழித்துப் போடலாம் என்றால் இன்னும் ஐந்து வருஷம் ஆகவில்லை.